189-லிருந்து 112: வேலைக்கான மின்னஞ்சலில் இரண்டே இரண்டு கணக்கு

இந்த வார எபிசோட்ல வேலைக்கு விண்ணப்பிக்கிற மின்னஞ்சலைப் பத்திப் பேசினோம். எண்களை ஒலியில சொன்னா மனசுல நிக்காது. அதனால அந்தப் பகுதியை மட்டும் இங்கே எழுத்துல தர்றேன்.

லண்டனில் இருக்கும் தம்பி ஒருத்தர் தன் மின்னஞ்சலை எங்களுக்கு அனுப்பி, "அண்ணா, பதினொரு இடத்துக்குப் போட்டாச்சு, ஒரு பதிலும் இல்லை. இதுல என்ன குறை?" என்று கேட்டிருந்தார். இரண்டு வருஷமா ஒரு கம்பெனியின் சர்வீஸ் டெஸ்கில் வேலை செய்கிறார். அங்கே மொத்தம் 640 பேர், ஐடி டீம்ல ஐந்து பேர். அடுத்து ஜூனியர் சிஸ்டம் அட்மின் வேலைக்குப் போக வேண்டும் என்பது ஆசை. அவர் மின்னஞ்சலின் நடுப்பகுதி இதுதான். மூலம் ஆங்கிலம், படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன்:

> பயனர்களின் டிக்கெட்டுகளுக்குப் பதிலளிப்பது, பூட்டப்பட்ட அக்கவுண்டுகளைத் திறந்து கொடுப்பது, புதிதாகச் சேர்பவர்களுக்கு லேப்டாப் தயார் செய்வது, உதவிக் குறிப்புகளைப் பராமரிப்பது ஆகியவற்றுக்குப் பொறுப்பாக இருக்கிறேன்.

இதுல பொய் எதுவும் இல்லை. ஆனா அவரோட கம்பெனி அந்த வேலைக்குக் கொடுத்த விளம்பரத்தையே திருப்பி எழுதின மாதிரி இருக்கு. அதே நாற்காலியில உட்கார்ந்து வேலையை மோசமாகச் செய்தவரும் இதே வரியை எழுதலாம். படிக்கிறவருக்கு இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை.

கூகுளில் மனிதவளத் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2014-ல் ரெஸ்யூமே பற்றி எழுதியபோது ஒரு எளிய அமைப்பைச் சொன்னார்: என்ன சாதிச்சீங்க, அதை எதால அளந்தீங்க, எப்படிச் செஞ்சீங்க. மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருக்கணும். மின்னஞ்சலுக்கும் இது பொருந்தும். ஆனா மின்னஞ்சலில் இப்படி இரண்டு வாக்கியம் போதும். மூன்று வரியைக் கடந்துவிட்டால் அது இணைத்திருக்கும் சிவியின் நகல் ஆகிவிடும்.

எந்த இரண்டு?

அவர் விண்ணப்பித்த விளம்பரத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். அதுல இரண்டு விஷயம் அழுத்தமா இருந்தது: திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளைக் குறைப்பது, புதிதாகச் சேர்பவர்களுக்கான ஏற்பாடுகளைக் கவனிப்பது. அவருடைய நான்கு கடமைகளில் இரண்டு இதோடு நேராகப் பொருந்தின. மற்ற இரண்டும் சிவியிலேயே இருக்கட்டும்.

அடுத்து, அந்த இரண்டு கடமைக்கும் ஒரே கேள்வி: "நீங்க வந்த பிறகு எது மாறிச்சு?" முதல்ல அவர் "ஒண்ணும் பெருசா இல்லை" என்றார். நம்ம வீடுகள்ல தன்னைப் பத்தித் தானே பேசுறது அழகில்லைன்னு சொல்லித்தானே வளர்த்தாங்க. கொஞ்சம் கிளறினதும் கதை வெளியே வந்தது.

முதல் கணக்கு: பூட்டிக்கொள்ளும் அக்கவுண்டுகள்

பாஸ்வேர்டு மாற்றின அன்றைக்கே பலருடைய அக்கவுண்ட் பூட்டிக்கொள்வதை அவர் கவனித்திருக்கிறார். காரணம் அவங்களோட போன். கம்ப்யூட்டர்ல புது பாஸ்வேர்டு போட்டாலும், போன்ல இருக்கும் மெயில் ஆப்பும் ஆபீஸ் வைஃபையும் பழைய பாஸ்வேர்டையே நினைவில் வைத்திருக்கும். பின்னணியில் அவை திரும்பத் திரும்ப முயற்சிக்கும். தவறான முயற்சிகள் வரம்பைத் தாண்டியதும் அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளும். அவர் ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி, பாஸ்வேர்டு காலாவதி ஆகப்போகுதுன்னு முன்கூட்டியே போகும் தானியங்கி மின்னஞ்சலில் அதோட இணைப்பைச் சேர்த்தார். இது நடந்தது ஜனவரி 2025-ல்.

குறைந்ததா? அதை டிக்கெட் சிஸ்டம் சொல்லும். ரிப்போர்ட்டை விரிதாளாக எடுத்து, B பத்தியில் டிக்கெட் வகை, C பத்தியில் திறந்த தேதி என்று வைத்துக்கொண்டால் ஒரு வரி போதும்:

```
=COUNTIFS(B:B,"Account locked",C:C,">="&DATE(2024,2,1),C:C,"<"&DATE(2024,7,1))
```

2024 பிப்ரவரி முதல் ஜூன் வரை 945 டிக்கெட், அதாவது மாதம் 189. 2025-ல் அதே ஐந்து மாதம் 560, அதாவது மாதம் 112. குறைவு 40.7%.

ஏன் அதே மாதங்கள்? விடுமுறைக் காலத்தில் டிக்கெட் தானாகவே குறையும். டிசம்பரோடு மார்ச்சை ஒப்பிட்டா அந்த வித்தியாசமும் உங்க கணக்குல ஏறிடும். ஏன் ஜூனோடு நிறுத்தணும்? ஜூலை 2025-ல் கம்பெனி எல்லோருக்கும் தாங்களே அக்கவுண்டைத் திறந்துகொள்ளும் வசதியைக் கொண்டு வந்தது. அது வேறு டீமோட வேலை. ஆகஸ்ட் 2024-ல் 180 டிக்கெட், ஆகஸ்ட் 2025-ல் 45. அந்த மாதத்தை மட்டும் எடுத்தால் 75% குறைவுன்னு பெரிய எண் கிடைக்கும், ஆனா அதுல பாதி அவருடையது இல்லை. நேர்காணலில் யாராவது "அந்த நேரத்துல வேற என்ன மாறிச்சு?" என்று கேட்டால் அந்த 75% நிக்காது. 40% நிக்கும்.

இன்னும் இரண்டு சோதனை இருக்கு. ஆட்களின் எண்ணிக்கை குறைந்ததால் டிக்கெட் குறைந்ததா? இல்லை, 640 பேர் 655 ஆகியிருந்தார்கள். டிக்கெட் வேறு வகைக்கு நகர்ந்துவிட்டதா? "மெயில் வரவில்லை" என்ற வகையையும் அதே மாதங்களுக்கு எண்ணிப் பார்த்தார், அது கூடவில்லை. கூடியிருந்தால், குறைந்தது பிரச்சினை இல்லை, பெயர்ப்பலகை மட்டும்தான் மாறியிருக்குன்னு அர்த்தம்.

இரண்டாவது கணக்கு: லேப்டாப் கைக்கு வரும் நாள்

லேப்டாப் தயார் செய்ய எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனா கோரிக்கை வந்த தேதியும் டிக்கெட் மூடின தேதியும் சிஸ்டத்தில் இருக்கு. அளக்க முடிந்ததை அளந்தால் போதும்.

தாமதம் எங்கேன்னு பார்த்தால், மென்பொருள் நிறுவுவதில் இல்லை. "இவருக்கு என்னென்ன மென்பொருள் வேணும்?" என்ற கேள்விக்கு மேலாளர் பதில் சொல்லும்வரை லேப்டாப் அலமாரியில் காத்திருந்தது. அவர் ஒவ்வொரு பணிக்கும் ஒரு நிலையான பட்டியல் தயாரித்து, கோரிக்கைப் படிவத்திலேயே தேர்வாகச் சேர்த்துவிட்டார். D பத்தியில் மூடின தேதி இருந்தால் கணக்கு இப்படி:

```
=NETWORKDAYS(C2,D2)-1
=MEDIAN(E2:E32)
```

முதல் சூத்திரம் தொடக்க நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணும். அதனால் அன்றே முடிந்த டிக்கெட்டுக்கும் 1 என்று காட்டும், ஒன்றைக் கழிக்கணும். இரண்டாவது, சராசரிக்குப் பதிலாக இடைநிலை. ஒருவர் வேலையில் சேரும் தேதியைத் தள்ளிப்போட்டதால் ஒரு டிக்கெட் 58 நாள் திறந்தே கிடந்தது. அந்த ஒன்றே சராசரியை மேலே இழுத்துவிடும், இடைநிலையை அசைக்காது. மாற்றத்துக்கு முன் 31 லேப்டாப்புக்கு இடைநிலை 6 வேலை நாள். பின் 38 லேப்டாப்புக்கு 2 வேலை நாள்.

இப்போது மின்னஞ்சல்

> 640 பேர் உள்ள நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளாக சர்வீஸ் டெஸ்கில் பணிபுரிகிறேன். உங்கள் விளம்பரத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள இரண்டு பணிகள்:
>
> அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளும் டிக்கெட்டுகளை மாதம் 189-லிருந்து 112 ஆகக் குறைத்தேன். போனில் தங்கிவிடும் பழைய பாஸ்வேர்டுதான் காரணம் என்று கண்டறிந்து, அதற்கான குறிப்பை பாஸ்வேர்டு நினைவூட்டல் மின்னஞ்சலில் சேர்த்தேன்.
>
> புதிதாகச் சேர்பவருக்கு லேப்டாப் கிடைக்க ஆகும் காலத்தை 6 வேலை நாளிலிருந்து 2 ஆகக் குறைத்தேன். ஒவ்வொரு பணிக்கும் மென்பொருள் பட்டியல் தயாரித்து, கோரிக்கைப் படிவத்தில் இணைத்தேன்.

"40% குறைவு" என்பதைவிட "189-லிருந்து 112" ஏன் நல்லது? சதவீதம் மட்டும் இருந்தால் அடிப்படை தெரியாது. ஐந்து டிக்கெட் மூன்று ஆனாலும் 40% தான். இரண்டு எண்ணும் இருந்தால் அளவும் மாற்றமும் சேர்ந்தே தெரியும். உங்க கம்பெனி எண்களை வெளியே சொல்லக்கூடாதுன்னு ஒப்பந்தம் இருந்தால் மட்டும் சதவீதத்துக்குப் போங்க. அப்பவும் "40.7" வேண்டாம், "சுமார் 40%" போதும்.

"குறைத்தேன்" என்ற வினையையும் பாருங்க. அவர் முதல்ல "நாங்கள் குறைத்தோம்"னு எழுதியிருந்தார். காரணத்தைக் கண்டுபிடித்ததும் குறிப்பை எழுதியதும் அவர்தான் என்பதால் இங்கே "நான்" சரி. ஐந்து பேரும் சேர்ந்து செய்த வேலையா இருந்தால், டீமோட எண்ணைச் சொல்லி, அதுல உங்க பங்கு எதுன்னு அடுத்த சொற்றொடரில் சொல்லுங்க.

எண்ணே பதிவாகாத வேலையும் உண்டு. அப்போ அடுத்து வரும் பத்து முறை எவ்வளவு நேரம் ஆகுதுன்னு குறித்துக்கொண்டு, அதுல இடைநிலையை எடுத்து, "சுமார்" போட்டு எழுதலாம். "எப்படி அளந்தீங்க?" என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாத எண்ணை மட்டும் எழுதாதீங்க.

கான்ட்ராக்ட் வேலை செய்பவர்களுக்கும், வேலையை விடப்போறவங்களுக்கும் ஒன்று. கடைசி நாளோட உங்க லாகின் மூடிடும், அதோட டிக்கெட் சிஸ்டமும் போயிடும். நான் ஒவ்வொரு கான்ட்ராக்ட் முடிவதற்கும் இரண்டு வாரம் முன்னாடியே இந்த எண்ணிக்கைகளை எடுத்து வைத்துக்கொள்வேன். எடுப்பது கூட்டுத்தொகையும் தேதிகளும் மட்டும்தான். அந்த விரிதாளை உங்க சொந்த மெயிலுக்கு அனுப்பாதீங்க. அதுல மற்றவங்க பெயர்கள் இருக்கும், அது கம்பெனியோட தகவல்.

உங்க மின்னஞ்சலில் "பொறுப்பு" என்று முடியும் வரி இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டு எங்களுக்கு அனுப்புங்க. அதோட டிக்கெட்டோ, ரசீதோ, ரோஸ்டரோ, எண் எங்கே பதிவாகுதுன்னும் ஒரு வரி எழுதுங்க. அடுத்த எபிசோட்ல ஐடி அல்லாத ஒரு வேலையை எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறோம்.