கவுன்டரில் நிற்பவர்தான் கடை

2018 ஏப்ரல் 12. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒரு ஸ்டார்பக்ஸ் காபிக் கடை. தொழில் விஷயமாக ஒருவரைச் சந்திக்க வந்த கறுப்பின இளைஞர்கள் இருவர் உள்ளே காத்திருந்தார்கள். ஒருவர் கழிப்பறைக்குப் போகலாமா என்று கேட்டார். ஏதாவது வாங்குபவர்களுக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது. அவர்கள் எதுவும் வாங்காமல் உட்கார்ந்துகொண்டார்கள். வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. மேலாளர் போலீஸுக்கு போன் செய்துவிட்டார். இருவரையும் கைவிலங்கிட்டு அழைத்துச் சென்ற காட்சியை அங்கிருந்தவர்கள் படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். நிறுவனத்தின் தலைவர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். மே 29ஆம் தேதி பிற்பகல், அமெரிக்காவில் 8,000க்கும் மேற்பட்ட கடைகளை மூடிவைத்து ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

அன்று அந்தக் கடையின் காபியில் எந்தக் குறையும் இல்லை. பலகையும் நாற்காலியும் விளக்கும் வழக்கம்போலத்தான் இருந்தன. கவுன்டரில் இருந்த ஒருவர் எடுத்த முடிவே அன்றைக்கு அந்த நிறுவனத்தின் முகமாகிவிட்டது. சின்னக் கடையானாலும் கதை இதுதான். “அங்கே போனா மூஞ்சி குடுத்தே பேச மாட்டாங்க” என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது ஒரு ஊழியரைப் பற்றி அல்ல, கடையைப் பற்றி.

அப்படியானால் அந்த இடத்தில் நிற்பவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலான கடைகளில் பத்து நிமிடம் பேசிப் பார்க்கிறார்கள். முன் அனுபவம் உண்டா, சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், எப்போது சேர முடியும் என்று கேட்கிறார்கள். இந்தப் பேச்சில் தெரிவது ஒருவருக்கு முதலாளியிடம் எப்படிப் பேச வரும் என்பது மட்டும்தான். வாடிக்கையாளரிடம் எப்படி நடந்துகொள்வார் என்பது வேலையில் நின்றால்தான் தெரியும்.

இதைப் புரிந்துகொண்டு வழி கண்டது, 1986இல் லண்டனில் தொடங்கிய ப்ரெட் எ மாஞ்சே என்ற சாண்ட்விச், காபிக் கடைத் தொடர். நேர்காணலில் தேறியவரை அவர்கள் நேராக வேலையில் சேர்த்துவிடவில்லை. ஒரு நாள் கடையில் வேலை செய்ய வைத்தார்கள். அதற்குக் கூலியும் கொடுத்தார்கள். நாள் முடிந்ததும், அவரோடு தோளோடு தோள் நின்று வேலை பார்த்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேலை இல்லை. நியூயார்க்கின் புகழ்பெற்ற உணவக உரிமையாளர் டேனி மேயரும் இதே திசையில் யோசித்தவர். ஆளெடுப்பில் நூற்றுக்கு 49 பங்கு கைத்திறனுக்கு, 51 பங்கு மனிதர்களோடு பழகும் குணத்துக்கு என்பது அவர் கணக்கு. பால் நுரைக்கவும் பில் போடவும் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். எதிரே நிற்பவரின் சங்கடம் கண்ணில் படும் குணத்தைக் கற்றுக்கொடுப்பது கடினம்.

நம் ஊர் அளவுக்கு இதைச் செய்து பார்ப்போம். ஆறு பேர் வேலை பார்க்கும் ஒரு ஃபில்டர் காபிக் கடை, கவுன்டருக்கு ஓர் ஆள் வேண்டும். முதல் வேலை, கடையின் குணம் என்ன என்று எழுதிக்கொள்வது. “இனிமையான சேவை” என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு மூன்று: வந்தவரை, கை வேலையாக இருந்தாலும், நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்வது, தவறு நடந்தால் யார் தவறு என்று ஆராயாமல் முதலில் சரிசெய்வது, காரில் வந்தவரிடமும் டம்ளர் கழுவும் அக்காவிடமும் ஒரே குரலில் பேசுவது.

அடுத்து நேர்காணல். “கோபமாக வரும் கஸ்டமரை எப்படிச் சமாளிப்பீர்கள்?” என்று கேட்டால் எல்லோரிடமும் அழகான பதில் இருக்கும். “கடைசியாக உங்களிடம் ஒருவர் கோபப்பட்டது எப்போது? அவர் என்ன சொன்னார், நீங்கள் சொன்ன முதல் வார்த்தை என்ன?” என்று கேட்க வேண்டும். நடந்ததைச் சொல்பவர் கதையில் எதிராளிக்கும் ஒரு நியாயம் இருக்கிறதா என்று கவனியுங்கள். எல்லாக் கதையிலும் வந்தவரே குற்றவாளி என்றால் அது ஒரு தகவல்.

பிறகு மாலை நான்கு முதல் ஆறு வரை, கூட்ட நேரத்தில், கூலி கொடுத்து இரண்டு மணி நேர வெள்ளோட்டம். இரண்டு பேர் இருவேறு நாளில் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் வேகமானவர், சில்லறைக் கணக்கு மின்னலாக வருகிறது, சிரிப்பும் இருக்கிறது. சர்க்கரை இல்லாமல் கேட்ட பெரியவருக்குச் சர்க்கரை போட்ட காபி போய்விடுகிறது. “நான் சரியாத்தான் சார் டோக்கன் போட்டேன், உள்ளே மாத்திட்டாங்க” என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் பெரியவர் கையில் இன்னும் அந்தக் காபியே இருக்கிறது. இரண்டாமவர் மெதுவானவர், ஒருமுறை சில்லறையும் தவறுகிறது. அவருக்கும் இதே சிக்கல் வருகிறது. “குடுங்க ஐயா, ஒரு நிமிஷம்” என்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பி, “மாஸ்டர், சர்க்கரை இல்லாம ஒண்ணு, அவசரம்” என்கிறார். நேர்காணலில் முதலாமவரே ஜெயித்திருப்பார். கடைக்கு வேண்டியவர் இரண்டாமவர்.

ஓட்டுப் போடும்போது ஒரு கட்டுப்பாடு தேவை. ஏற்பதற்கும் மறுப்பதற்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் கண்ட ஒரு செயலைக் காரணமாகச் சொல்ல வேண்டும். “நமக்குச் செட் ஆகாது” என்பது காரணமே அல்ல. ‘பொருத்தம்’ என்ற சொல்லுக்குள் ஊரும் சாதியும் நிறமும் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். அமெரிக்காவில் ஆபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் என்ற துணிக்கடை நிறுவனம் தன் தோற்றத்துக்கு ஏற்றவர்கள் என்று வெள்ளையர்களையே முன்னால் நிறுத்தி, மற்றவர்களை ஒதுக்கியது அல்லது பின்னறைக்கு அனுப்பியது என்று வழக்கு வந்தது. 2004இல் சுமார் 4 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. நடத்தையில் பொருத்தம் பார்க்க வேண்டும், முகத்தில் அல்ல.

சிரிப்பை விதியாக்குவதும் இதே போன்ற தவறுதான். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் நூல் எழுதிய சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட், சம்பளத்துக்காக உணர்ச்சியை வரவழைப்பதும் அடக்குவதும் உழைப்புதான், அதற்கும் விலை உண்டு என்று காட்டினார். எட்டு மணி நேரம் சிரிக்கச் சொன்னால் நல்ல மனிதரும் வறண்டுபோவார். டம்ளரை வாங்கி மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். சிரிப்பு அவர் விருப்பம்.

தேர்ந்தெடுப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் அது பாதி வேலைதான். அந்த இரண்டாமவரைச் சேர்த்துவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்து, ஒரு காபி மாற்றிக் கொடுக்கவும் முதலாளியைக் கேட்க வேண்டும் என்று வைத்தால், அவரும் “உள்ளே மாத்திட்டாங்க” என்று சொல்லக் கற்றுக்கொள்வார். கேட்காமலே மாற்றிக் கொடுக்கும் அதிகாரமும், உட்கார ஓர் இடமும், நேரத்துக்குச் சாப்பாடும் சேர்ந்தால்தான் எடுத்த ஆள் எடுத்தபடி இருப்பார்.

தவறாக எடுத்துவிட்டோமா என்று அறிய விற்பனைக் கணக்குக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாலையில் கடைக்கு எதிரே சற்று நின்று பாருங்கள். தினமும் வருபவர் வாசலில் தயங்கி, கவுன்டரில் இன்று யார் என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தால், உங்கள் கடையைப் பற்றிய முடிவை அவர் எடுத்துவிட்டார் என்று பொருள். காபியின் வாசனை அப்போதும் தெருவரை வந்துகொண்டுதான் இருக்கும்.