புகையை விட்டதும் இருமல் ஏன் கூடுகிறது?

நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன. தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைவரை தள்ளிக்கொண்டு வருவது அவற்றின் வேலை. பல வருடப் புகையில் இந்த இழைகள் பழுதாகி, அசைவு குறைந்துபோகின்றன. சளி சுரக்கும் செல்களோ பெருகிவிடுகின்றன. சுரப்பு அதிகம், வெளியேற்றம் குறைவு. அதனால் இரவெல்லாம் தேங்கியதைக் காலையில் இருமித்தான் துப்ப வேண்டியிருக்கிறது.

புகையை நிறுத்திய சில நாட்களிலேயே மயிரிழைகள் மீளத் தொடங்கும். சளிச் சுரப்பு அவ்வளவு சீக்கிரம் குறையாது. மரத்துக் கிடந்த இருமல் உணர்வும் கூர்மையாகிவிடும். இதனால்தான் விட்ட முதல் வாரங்களில் சிலருக்கு முன்பைவிட அதிகமாக இருமல் வருகிறது. 'ஒன்று பற்றவைத்தால் அடங்குகிறதே' என்று மறுபடி தொடங்குவோர் உண்டு. அது நெஞ்சுக்கு இதமானதால் அடங்கவில்லை. சளி உள்ளேயே தங்கிவிடுகிறது.

இந்த இருமல் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். எப்படியானாலும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வர வேண்டும். சளி வெளியேறும்போது இருமலை அடக்கும் சிரப் வேண்டாம். வெந்நீர் குடித்தால் சளி இளகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பலர் ஏற்கெனவே உடம்பு ஏதோ சரியில்லாததால்தான் புகையை விடுகிறார்கள். 25 வருடம் பீடி குடித்த 50 வயது லாரி ஓட்டுநர் ஒருவர் விட்டு மூன்று வாரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இருமல் குறையவில்லை, சாயங்காலமானால் லேசான காய்ச்சல், லுங்கி இடுப்பில் தளர்கிறது. 'விட்டதால் வரும் இருமல்தான்' என்று அவர் காத்திருக்கவே கூடாது. நம் நாட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். காய்ச்சல் இல்லாதவருக்கும் இது பொருந்தும்.

சளியில் துளி ரத்தம் தெரிந்தாலும், மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், மூன்று வாரமாகக் குரல் கம்மியே இருந்தாலும், எடை குறைந்தாலும் இரண்டு வாரக் கணக்குக்கூடப் பார்க்காமல் டாக்டரிடம் போக வேண்டும். ரத்தம் அதிகமாக வந்தாலோ, பேச முடியாத அளவுக்கு மூச்சு திணறினாலோ 108-ஐ அழையுங்கள்.

டாக்டரிடம் ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருடம், எப்போது விட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதோடு நின்றுவிட வேண்டாம். புகையால் வரும் நாட்பட்ட மூச்சடைப்பு நோய் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால், குழாயில் வேகமாக ஊதச் சொல்லி அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.