கம்பி இடைவெளியை அளந்தது யார்?

சிவில் முடித்துவிட்டு முதல் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களின் கடிதங்களில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: ‘இன்டர்ன்ஷிப்பின்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் கட்டுமானப் பணிகளைக் கண்காணித்தேன்.’ அதைப் படிக்கும் புராஜெக்ட் மேனேஜர் பல வருடம் சைட்டில் நின்றவர். நான்கு வாரப் பயிற்சிக்கு வந்தவரிடம் யாரும் கண்காணிப்பை ஒப்படைப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு வரியாலேயே கடிதத்தில் உண்மையாக இருக்கும் மற்ற வரிகள் மீதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

என்ன எழுதலாம்? அந்த நான்கு வாரத்தில் ஒரு ஸ்லாபுக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் அதற்கு ஒரு பத்தி போதும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அனுப்புவோம். ஆனால் விஷயம் இப்படி இருக்கலாம்:

‘மூன்றாம் மாடி ஸ்லாபுக்குக் கான்கிரீட் போடும் முன், சைட் இன்ஜினியர் சொன்னபடி டிராயிங்கை வைத்துக் கம்பி இடைவெளியை அளந்தேன். 8 மி.மீ. கம்பி 150 மி.மீ.க்கு ஒன்றாக வர வேண்டிய ஓரிடத்தில், பத்து இடைவெளிகள் சேர்ந்து 1,620 மி.மீ. வந்தது. அவரிடம் காட்டினேன். அவரும் அளந்து பார்த்துவிட்டு, ஒரு கம்பி கூடுதலாகப் போட்டுப் பிரித்துக் கட்டச் சொன்னார். மறுபடி அளந்து செக்லிஸ்டில் எழுதியது நான். சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் அவர்.’

இந்தப் பத்தியை சைட்டில் நிற்காதவர் எழுதுவது கடினம். ஒரே ஒரு இடைவெளியை அளந்தால் 140 வரும், பக்கத்தில் 165 வரும். கட்டும்போது கம்பி அவ்வளவு நகரும். அதனால்தான் டேப்பை நீட்டிப் பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளக்கிறார்கள். 1,500 வர வேண்டிய இடத்தில் 1,620 என்றால் சராசரி 162 மி.மீ. அந்தப் பகுதியில் டிராயிங் கேட்ட கம்பியைவிடச் சுமார் 7 சதவீதம் குறைவு. கான்கிரீட் விழுந்துவிட்டால் அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. ஒரு கம்பி கூடினால் அதே நீளம் பதினோரு இடைவெளிகளாகி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 147 மி.மீ. ஆகிறது. நேர்முகத்தில் ‘ஏன் ஒரு கம்பி போதும்?’ என்று கேட்டால், விண்ணப்பித்தவர் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டிவிடலாம்.

கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வினைச்சொற்கள்தான். அளந்தேன், காட்டினேன், எழுதினேன் என்பவை பயிற்சியாளர் செய்தவை. கம்பி போடச் சொன்னதும் கையெழுத்திட்டதும் இன்ஜினியர். இந்தக் கோட்டை மறைக்காமல் எழுதியவரை நாளை அளவெடுக்க அனுப்பினால் உள்ளதைச் சொல்வார் என்று மேனேஜரால் நம்ப முடியும்.

கோடு அடிக்கடி அழிந்துபோகும் இன்னோர் இடம் கியூப் டெஸ்ட். கான்கிரீட் போடும் நாளில் 150 மி.மீ. கன அச்சுகளில் மாதிரி எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, பிறகு லேபில் நசுக்கிப் பார்க்கும் சோதனை அது. கான்கிரீட் தேறியதா என்பதை 28ஆம் நாள் முடிவை வைத்துத்தான் சொல்வார்கள். 7ஆம் நாள் முடிவு முன்கூட்டியே ஓர் அறிகுறி மட்டுமே. இப்போது நாட்களை எண்ணிப் பாருங்கள். நான்கு வாரப் பயிற்சியில் இரண்டாம் வாரம் எடுத்த கியூபின் 28ஆம் நாள், பயிற்சி முடிந்த பிறகுதான் வரும். ‘கியூப் டெஸ்ட் செய்து கான்கிரீட்டின் வலிமையை உறுதி செய்தேன்’ என்று எழுதியவரிடம் பயிற்சித் தேதிகளைக் கேட்டாலே போதும், பிடி கிடைத்துவிடும்.

நடந்ததை நடந்தபடி எழுதினால் அது இன்னும் கனமாகவே இருக்கிறது: ‘கியூப் அச்சுகளை மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் 35 முறை கம்பியால் குத்தினேன். தேதியும் இடமும் எழுதி, மறுநாள் அச்சிலிருந்து எடுத்துத் தொட்டியில் போட்டேன். 7 நாள் சோதனையின்போது உடனிருந்தேன். இயந்திரத்தை இயக்கியவர் லேப் டெக்னீஷியன். 28 நாள் முடிவு வரும் முன் பயிற்சி முடிந்துவிட்டது.’

மற்றவற்றுக்கு அதிக இடம் வேண்டாம். எந்த வேலைக்கு விண்ணப்பம், எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு, பயிற்சியின் தொடக்க, முடிவுத் தேதிகள். எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்குள் அடங்கும். மேற்பார்வையிட்ட இன்ஜினியரிடம் கேட்டுக்கொண்டு அவர் பெயரையும் எண்ணையும் கொடுக்கலாம். நிறுவனத்தின் டிராயிங்கை அனுமதியில்லாமல் இணைக்கக் கூடாது. அது அவர்களுடைய சொத்து.

செய்யாததையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. ‘பார் பெண்டிங் ஷெட்யூலைப் படித்துக் கம்பியின் நீளத்தையும் எண்ணிக்கையையும் சரிபார்த்திருக்கிறேன், தனியாகத் தயாரித்ததில்லை’ என்று எழுதியிருந்தால், நேர்முகத்தில் மேனேஜர் ஒரு பீம் டிராயிங்கை எடுத்து முன்னால் வைத்து, ‘இதைப் படித்துச் சொல்லுங்கள்’ என்றுதான் தொடங்குவார். தயாரிக்கச் சொல்ல மாட்டார்.