குதி என்றால் உடனே குதிக்க வேண்டும்

கணினி விளையாட்டு உருவாக்கப் பழகுகிறவர்கள் சீக்கிரமே சந்திக்கும் வேடிக்கை ஒன்று உண்டு. திரையில் பாத்திரம் நடந்துகொண்டிருக்கிறது. குதிக்கும் பொத்தானை அழுத்துகிறார்கள். உருவம் மேலே எழும்புகிறது, ஆனால் கால்கள் அந்தரத்திலும் நடந்துகொண்டே இருக்கின்றன. தரைக்கு வந்து சேர்ந்த பிறகு, சாவகாசமாக, அது குதிப்பதுபோல் கைகாலை வீசுகிறது. நிரலை வரிவரியாகத் துழாவினாலும் தவறு அகப்படாது. தவறு இருப்பது யூனிட்டி மென்பொருளின் `Has Exit Time` என்ற சின்னக் கட்டத்தில். இரண்டு அசைவுகளுக்கு நடுவே அம்புக்குறி போட்ட உடனேயே அதில் டிக் தானாக விழுந்துவிடுகிறது.

இந்த வேடிக்கை ஏன் நடக்கிறது என்று புரிய ஒரு விஷயம் தெரிந்தால் போதும். பாத்திரத்தை இடம்விட்டு இடம் நகர்த்துவது ஒரு வேலை, அதன் கைகால்களை அசைப்பது வேறு வேலை. முதல் வேலையை நிரல் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவதைப் பார்ப்பது ஸ்டேட் மெஷின் என்னும் அமைப்பு. அனிமேட்டர் சாளரத்தைத் திறந்தால் அது பெட்டிகளும் அம்புகளுமாகத் தெரியும். பெட்டி ஒவ்வொன்றும் ஒரு நிலை: நடை, குதிப்பு, இறக்கம். அம்பு, ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி. எப்போது போகலாம் என்பதற்கு நிபந்தனை வைக்கலாம். `Speed` என்று ஓர் எண், `Grounded` என்று கால் தரையில் இருக்கிறதா இல்லையா எனும் குறி, `Jump` என்று ஒரு தூண்டல். நிரல் இவற்றின் மதிப்பை மாற்றும். அம்புகள் அதைப் பார்த்து நடந்துகொள்ளும்.

நடைக்கும் ஓட்டத்துக்கும் தனித்தனிப் பெட்டி போடத்தான் யாருக்கும் முதலில் தோன்றும். அது வேண்டாம். வேகம் 4-ஐத் தாண்டினால் ஓட்டம் என்று வைத்தால், ஆடுகிறவரின் விரல் 3.9-க்கும் 4.1-க்கும் நடுவே ஊசலாடும்போது பாத்திரம் நடப்பதும் ஓடுவதுமாகத் தத்தளிக்கும். நடையும் ஓட்டமும் ஒன்றுக்குள் ஒன்று கரைகிற அசைவுகள். அதனால் இரண்டையும் ஒரே பெட்டிக்குள், பிளெண்ட் ட்ரீ என்ற கலவைக்குள் வைக்கிறார்கள். வேகம் 0-இல் நிற்பது, 2-இல் நடை, 6-இல் ஓட்டம் என்று குறித்துவிட்டால், வேகம் 3 ஆகும்போது முக்கால் பங்கு நடையும் கால் பங்கு ஓட்டமும் சேர்ந்த ஒரு மெல்லோட்டம் தானாகக் கிடைக்கும்.

கலவை சரியாக வர இரண்டு கிளிப்பிலும் இடது கால் தரையைத் தொடும் தருணம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒரே விநாடியில் என்று பொருளில்லை. கிளிப்பின் நீளத்தில் அதே பங்கில். நடை ஒரு சுற்று 1 விநாடி, ஓட்டம் 0.7 விநாடி என்றாலும் கவலையில்லை, நீளத்தை யூனிட்டியே இழுத்துச் சமன் செய்துகொள்ளும். ஆனால் ஒன்று இடது காலிலும் மற்றொன்று வலது காலிலும் தொடங்கினால், நடுவேகத்தில் கால்கள் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, பாத்திரம் நொண்டுவதுபோல் தத்தித்தத்திப் போகும். வேக எண் சட்டென்று எகிறாமல் ஏற இந்த ஒரு வரி போதும்:

```csharp
animator.SetFloat("Speed", speed, 0.1f, Time.deltaTime);
```

அந்த `0.1f` மதிப்பைக் கொஞ்சம் நிதானப்படுத்துகிறது. விசையை விட்டவுடன் ஓட்டம் விறைத்து நிற்காமல் தணிந்து நிற்கும்.

இனி குதிப்பு. எக்ஸிட் டைம் என்பது, இப்போதைய கிளிப் எவ்வளவு ஓடிய பின் அம்பு திறக்கும் என்பதைச் சொல்லும் எண். 0.75 என்றால் முக்கால் பங்கு. நிபந்தனையும் கூட இருந்தால், அந்த முக்காலுக்கு வந்த பிறகுதான் நிபந்தனை பார்க்கப்படும். பேருந்தில் நிறுத்தத்தைத் தாண்டியபின் மணி அடிப்பதுபோலத்தான்: அடுத்த நிறுத்தம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். யூனிட்டி நிறுவனம் இலவசமாகத் தரும் மூன்றாம் நபர் பயிற்சித் தொகுப்பில் குதிக்கும் உயரம் 1.2 மீட்டர், ஈர்ப்பு 15. பூமியின் 9.8-ஐ அப்படியே வைத்தால் குதிப்பு மந்தமாகத் தெரியும், அதனால் விளையாட்டுகளில் இப்படிக் கூட்டிக்கொள்வது வழக்கம். இந்த எண்களுக்குப் பாத்திரம் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் எழும்பும். உச்சிக்குப் போக 0.4 விநாடி, இறங்க 0.4. மொத்தம் 0.8 விநாடி. நடைக் கிளிப் 1 விநாடி நீளம், எக்ஸிட் டைம் 0.75 என்று கொள்வோம். கிளிப் 0.80-இல் இருக்கும்போது பொத்தானை அழுத்தினால், அடுத்த சுற்றின் 0.75 வர இன்னும் 0.95 விநாடி ஆகும். அதற்குள் உடல் குதித்து இறங்கியே விட்டது. காத்திருந்த `Jump` தூண்டலோ அணையாமல் இருக்கிறது, அம்பு திறந்ததும் பாய்கிறது. தரையில் நின்றபடி நடக்கும் அந்தக் குதிப்பு இப்படி வந்ததுதான்.

ஆக, ஆடுகிறவரின் கட்டளையால் திறக்கும் அம்பில் எக்ஸிட் டைம் இருக்கவே கூடாது. டிக்கை எடுத்துவிட்டு, அசைவு மாறும் நேரத்தையும் வழக்கமான 0.25 விநாடியிலிருந்து 0.1-க்கோ அதற்குக் கீழோ குறைக்க வேண்டும். 0.8 விநாடிக் குதிப்பில் கால் விநாடியை மாறுவதற்கே செலவிட்டால் பார்க்க மிச்சம் என்ன இருக்கும்?

இதைக் கேட்டுவிட்டு எல்லா அம்பிலும் டிக்கை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அதுவும் தவறு. குதிப்பை எழும்புதல், அந்தரம், இறக்கம் என மூன்று பெட்டிகளாகப் பிரிப்பார்கள். எழும்புதல் முடிந்து அந்தரத்துக்குப் போவது யாருடைய கட்டளையும் அல்ல, அந்த அசைவு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். எக்ஸிட் டைம் இருக்கவேண்டிய இடம் இதுவே. இங்கே டிக்கை எடுத்து, நிபந்தனையும் வைக்காமல் விட்டால், யூனிட்டி அந்த அம்பையே பொருட்படுத்தாது. பாத்திரம் எழும்பிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். அந்தரம் சுழலும் கிளிப். பள்ளம் எவ்வளவு ஆழம் என்று யாருக்குத் தெரியும்? அதிலிருந்து இறக்கத்துக்குப் போகும் அம்பு `Grounded` ஒன்றையே பார்க்க வேண்டும், கிளிப் எங்கே இருந்தாலும் சரி.

இறக்கத்தில் மட்டும் இரண்டும் தேவைப்படுகின்றன. சும்மா குதித்து நின்றவர் முழங்காலை மடக்கி நிமிரும்வரை காத்திருக்கலாம், அதற்கு எக்ஸிட் டைம் உள்ள ஓர் அம்பு. ஓடிக்கொண்டே குதித்தவரை அப்படிக் காக்கவைத்தால், மடங்கிய காலோடு தரையில் வழுக்கிக்கொண்டு போவார். அவருக்கு, `Speed` 0.1-ஐத் தாண்டினால் உடனே நடைக்குத் திரும்பும் இன்னோர் அம்பு. ஒரே இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இரண்டு அம்புகள் போடலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

எங்கே இடறுகிறது என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். விளையாட்டை ஓடவிட்டு, பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, அனிமேட்டர் சாளரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், இப்போது நடக்கும் நிலையின் பெட்டியில் ஒரு நீலக் கோடு ஓடுவது தெரியும். பொத்தானை அழுத்திய பிறகும் கோடு நிதானமாக ஓடிக்கொண்டிருந்தால் எக்ஸிட் டைம்தான் காரணம். கண்ணுக்குப் பிடிபடாத வேகம் என்றால் `Time Scale` மதிப்பை 0.2 ஆக்கி, ஐந்து மடங்கு மெதுவாகப் பார்க்கலாம்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் ஒரு குறை மிஞ்சும். ஓட்டத்திலிருந்து எழும்புதலுக்கு மாறும் அந்த 0.1 விநாடியில், மென்பொருள் செய்வது இரண்டு தோற்றங்களையும் பங்குபோட்டுக் கலப்பது மட்டும். எழும்புதல் கிளிப்பில் வலது கால் முன்னே இருந்து, ஓடுகிறவரின் இடது கால் முன்னே இருந்தால், கால்கள் காற்றில் கத்தரிக்கோல் போட்டு இடம் மாறும். மாறும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து இதைத் தீர்க்க முடியாது. யூனிட்டியின் பழைய பயிற்சித் தொகுப்பு ஒன்றில் இதற்காகவே `JumpLeg` என்று ஓர் எண் வைத்திருந்தார்கள். தரையை விடும் தருணத்தில் ஓட்டச் சுற்று எந்தப் பாதியில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு 1 அல்லது -1 என்ற குறியை நிரல் தரும். எந்தக் கால் பின்னே இருக்கும் குதிப்பு வரவேண்டும் என்பதைப் பிளெண்ட் ட்ரீ அதைக் கொண்டு முடிவு செய்துகொள்ளும்.