பெயர் சூட்டாத முழக்கம்: திருச்சிராப்பள்ளி, திருவரங்கச் சூழலில் மனநல விழிப்புணர்வு வாரத்திற்கான தொடரமைப்பு

முன்னுரை

உலக மனநல நாள் 1992 முதல் அக்டோபர் 10 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளையொட்டிய வாரத்தில் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் பதாகைகளுக்கென முழக்கத் தொடர்களை உருவாக்குகின்றன. திருச்சிராப்பள்ளிக்கு இதில் தனி இடமுண்டு. மாவட்ட மனநலத் திட்டம் 1996-97இல் இந்தியாவில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது இம்மாவட்டமே. முழக்கம் நம்பிக்கையைத் தரவேண்டும். செய்யத்தக்க ஒரு சிறு செயலைக் காட்டவேண்டும். எவரையும் நோயின் பெயரால் குறிக்கக்கூடாது. இம்மூன்றும் ஒரே தொடரில் அமைவதற்குத் தமிழ் இலக்கணம் தரும் வாய்ப்புகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயர் முத்திரையாதல்

‘நோயாளி’ என்னும் சொல்லின் ‘ஆளி’ விகுதி ‘அறிவாளி’, ‘உழைப்பாளி’ ஆகியவற்றிலும் வருவது. அது ஒருவரிடம் நிலைத்திருக்கும் பண்பைக் குறிக்கிறது. எனவே ‘மனநோயாளி’ என்னும்போது வந்து போகக்கூடிய ஒரு நிலை அம்மனிதரின் அடையாளமாகிவிடுகிறது. அன்றாடப் பேச்சு இதற்கு மாறாக நான்காம் வேற்றுமையைக் கையாள்கிறது. ‘எனக்குத் தூக்கம் வரவில்லை’, ‘அவளுக்கு மனசு சரியில்லை’ என்னும் தொடர்களில் எழுவாயாக நிற்பது தூக்கமும் மனமுமே, மனிதர் அல்லர். வந்தது போகும் என்னும் எண்ணத்திற்கு அத்தொடரமைப்பிலேயே இடமிருக்கிறது.

இடப்பெயர்களும் முத்திரையாவதுண்டு. சென்னை அரசு மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம் வசைச்சொல்லாகிப் பல காலமாயிற்று. திருச்சி–சேலம் சாலையிலுள்ள குணசீலம் இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்குள்ள பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் மனநலம் குன்றியோரை 48 நாள் தங்கவைக்கும் வழக்கம் உண்டு. ‘ஒரு மண்டலம் தங்கியிருக்கிறார்’ என்னும் தொடர் செயலையும் கால எல்லையையும் சொல்கிறது, நோயைச் சொல்வதில்லை. வழிபாட்டின் மருத்துவப் பயன் இங்கு ஆய்வுப்பொருளன்று. கால எல்லை ஒன்றைச் சொல்வதே நம்பிக்கைக்கு இடமளிக்கிறது என்பதே கருதத்தக்கது.

பெயர்மாற்றம் நடைமுறையையும் மாற்றக்கூடும். தமிழில் ‘மனச்சிதைவு’ எனப்படும் நோய்க்கு ஜப்பானிய மொழியிலும் ‘மனப்பிளவு நோய்’ என்னும் பொருளுடைய பெயரே இருந்தது. 2002இல் அது ‘ஒருங்கிணைவுக் குறைபாடு’ என்னும் பொருளுடைய பெயராக மாற்றப்பட்டது. தமக்கு வந்துள்ள நோயின் பெயர் இன்னதென மருத்துவரால் தெரிவிக்கப்பட்டோர் அவ்வாண்டில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர். இரண்டே ஆண்டுகளில் அது ஏறத்தாழ 70 விழுக்காடாக உயர்ந்தது. முன்னர் மருத்துவரே சொல்லத் தயங்கிய பெயரை நோயுற்றவர் தாமாகச் சொல்லி உதவி நாடுவார் என எதிர்பார்ப்பது பொருந்தாது.

நடப்பிலுள்ள ஒரு தொடர்

2022 அக்டோபரில் இந்திய அரசு 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி மனநலச் சேவையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்கு இடப்பட்ட பெயர் ‘நட்புடன் உங்களோடு’. ‘உடன்’, ‘ஓடு’ ஆகிய இரண்டும் மூன்றாம் வேற்றுமை உருபுகள். உடனிகழ்ச்சிப் பொருளைத் தருவன. துணையிருத்தலை இரு உருபுகளே உணர்த்திவிடுகின்றன; நோயோ நோயுற்றவரோ தொடரில் இல்லை. ஆனால் வினைமுற்றும் இல்லை. படிப்பவர் செய்யவேண்டியது எதுவென்பதை அருகில் அச்சிடப்படும் எண்ணே உணர்த்துகிறது. எண் விடுபட்டால் தொடர் இனிய வாழ்த்தாக மட்டுமே நின்றுவிடும்.

ஒரு தொடர் உருவாகும் முறை

வழக்கமான வார்ப்பிலமைந்த ஒரு தொடரை எடுத்துக்கொண்டு, அது படிப்படியாகத் திருந்தும் முறையைக் காணலாம்.

முதல் வடிவம்: ‘மனநோயை வெல்வோம், மகிழ்வுடன் வாழ்வோம்.’ நோய்ப்பெயர் முதலிலேயே நிற்கிறது. ‘வெல்வோம்’ என்பதால் இன்னும் நலம்பெறாதவர் தோற்றவராகிறார். இன்றிரவு உறங்க முடியாதவர் செய்யவேண்டியது எதுவும் இதிலில்லை. இடமும் இதற்கு இசையாது. மனநல வாரம் புரட்டாசியில் வருகிறது. திருவரங்கம் அம்மா மண்டபப் படித்துறைக்கு வருவோரில் பலர் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்ய வந்தவர்கள். துயரோடு நிற்பவரை மகிழச் சொல்லும் பதாகை அவரைப் புறந்தள்ளுவதாகவே அமையும்.

இரண்டாம் வடிவம்: ‘மனச்சோர்வா? கலங்காதே, மருத்துவரைப் பார்.’ நோயைக் கண்டறியும் பணி இங்குப் படிப்பவர்மேல் சுமத்தப்படுகிறது. பொதுவழக்கில் ‘மன அழுத்தம்’, ‘மனச்சோர்வு’ ஆகியவை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாகப் பயில்வதால், தமக்குரியது எதுவெனப் பலர் அறியார். ‘பார்’ என்னும் ஒருமை ஏவல் முதியவரிடம் செல்லாது. மேலும், முதல் நாளிலேயே மருத்துவரிடம் செல்வது பலருக்குச் சிறு செயலன்று.

மூன்றாம் வடிவம்: ‘மனம் கனக்கிறதா? ஒருவரிடம் சொல்லுங்கள், எல்லாம் சரியாகும்.’ நோய்ப்பெயர் நீங்கிவிட்டது, செயலும் ஒன்றாகிவிட்டது. ஆயினும் ‘எல்லாம் சரியாகும்’ என்பது காக்க முடியாத வாக்குறுதி. சொல்லியும் சரியாகாதவர் அடுத்த முறை சொல்லமாட்டார்.

நான்காம் வடிவம்: ‘மனம் கனக்கும் நாளில் ஒருவரிடம் சொல்லலாம், கனம் குறையும்.’ ‘கனக்கும் நாளில்’ என்பது கால எல்லையைத் தருகிறது. அத்தகைய நாள் எல்லார்க்கும் உண்டாதலால் எவரையும் தனித்துச் சுட்டுவதில்லை. ‘சொல்லலாம்’ கட்டளையன்று, இசைவு, இயலுமை, கூடிச்செய்யும் அழைப்பு ஆகிய மூன்றையும் அவ்வடிவம் தாங்குகிறது. ‘குறையும்’ என்னும் செய்யுமென் முற்று இயல்பாக நிகழ்வதைச் சொல்கிறது. ‘நீங்கும்’ என்னுமளவு மிகைப்படுத்துவதில்லை. ‘மனம்’, ‘கனம்’ என்னும் எதுகை நினைவில் நிறுத்த உதவுகிறது. கேட்பவர் இகழ்ந்துவிடக்கூடும் என்பதால் ‘ஒருவர்’ கிடைக்காதவர்க்காக 14416 என்னும் எண் அடியில் இடம்பெறவேண்டும்.

சோதனையும் வரம்பும்

இத்தகைய தொடரை அச்சிடுமுன் வெவ்வேறு அகவையினர் சிலரிடம் காட்டி, ‘இதைப் படித்ததும் என்ன செய்வீர்கள்?’ என்று மட்டும் கேட்கவேண்டும். ‘இது நோயுள்ளவர்களுக்கு’ என விடை வந்தால் முத்திரை எங்கோ ஒளிந்திருக்கிறது. ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் வந்தால் செயல் புலப்படவில்லை. ‘அக்காவிடம் சொல்வேன்’ என்பதுபோல் ஓர் ஆளைச் சுட்டும் விடை வந்தால் தொடர் தன் பணியைச் செய்துவிட்டது.

தாமாகச் சொல்ல இயலாதவரும் உளர். அவர்பொருட்டு உடனிருப்போர்க்கு வேறொரு தொடர் தேவை. ஆஸ்திரேலியாவில் 2009இல் தொடங்கிய ஓர் இயக்கம் ‘நலமா?’ என்னும் பொருளுடைய வினாவையே பெயராகக் கொண்டது. தமிழில் அதனை அப்படியே பெயர்த்தல் பயன்தராது. ‘நல்லா இருக்கீங்களா?’ என்பது முகமன். ‘நல்லா இருக்கேன்’ என்னும் விடையும் முன்பே அமைந்தது. ‘ராத்திரி தூங்கினீங்களா?’ என்னும் வினாவுக்கு அவ்வாறு அமைந்த விடையில்லை. உண்மை வெளிப்பட அது வழிவிடுகிறது.

பெயர் தவிர்த்தல் முழக்கத்திற்கு உரியதே தவிர மருத்துவத்திற்கு உரியதன்று. சிகிச்சைக்கும், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்வழிப் பெறும் சான்றிதழுக்கும் நோயின் பெயர் இன்றியமையாதது. அப்பெயர் மருத்துவர் அறையில் உரியவரிடம் விளக்கத்தோடு சொல்லப்படவேண்டும்.

முடிவுரை

நோய்ப்பெயரை நீக்குவதால் மட்டும் முழக்கம் முத்திரையற்றதாகிவிடாது. வெற்றியைக் குறிக்கும் வினையும், ஒருமை ஏவலும், மிகையான வாக்குறுதியும் பெயர் சூட்டாமலே ஒருவரை விலக்கக்கூடியவை. காலத்தைச் சுட்டும் தொடர், ‘லாம்’ ஈற்று வினை, அளவான எதிர்காலமுற்று ஆகிய மூன்றும் அக்குறைகளைத் தவிர்க்கின்றன. எனினும் முழக்கத்தின் கீழுள்ள எண்ணை அழைப்பவர்க்கு மறுமுனையில் ஒரு குரல் கிடைக்கும்போதே ‘கனம் குறையும்’ என்னும் முற்று மெய்யாகும்.