செல்லப்பிராணியின் துன்பத்தை அளந்தறிவது எப்படி?

நாள்பட்ட நோயால் நலிந்த நாயைக் கருணைக்கொலை செய்துவிடலாமா என்று கேட்டு வரும் குடும்பத்தினருக்கு, நாங்கள் முதலில் ஒரு தாளையே கொடுக்கிறோம். மூச்சுத்திணறல் போன்ற அவசரநிலை இல்லையெனில், ஒரு வாரம் அதில் மதிப்பெண் இட்டு வரச் சொல்கிறோம். நோய் மெல்ல மெல்ல முற்றும்போது, உடனிருப்பவர்களின் கண் அந்த நலிவுக்குப் பழகிவிடுகிறது. நாயும் தன் வலியை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. ஆகவே நினைவை மட்டும் நம்பாமல் எழுதிப் பார்ப்பது நல்லது.

இந்த அளவுகோலை அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபாஸ் 2004ஆம் ஆண்டு வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, உடல் தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழும் இதில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். 10 என்பது மிக நன்று. மொத்தம் 70இல் 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது பொதுவான வழிகாட்டல்.

எடுத்துக்காட்டாக, அறந்தாங்கிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். அவர்களுடைய 12 வயது நாட்டு நாய்க்கு நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு. தந்தையும் மகளும் ஒருவர் தாளை மற்றவர் பாராமல் மதிப்பெண் இடுகின்றனர். தந்தையின் கூட்டுத்தொகை 44; மகளுடையது 27.

இருவருமே பொய் சொல்லவில்லை. தந்தை மாலையில் வீடு திரும்பும்போது நாய் வாலாட்டி எதிர்கொள்கிறது. அவர் மகிழ்ச்சிக்கு 8 இடுகிறார். வாந்தியெடுத்து உறங்காமல் கிடப்பதை இரவில் பார்ப்பவர் மகள்; அவர் இடுவது 4. வாலாட்டுவது ஒரு நொடி அன்பைக் காட்டும். நாள் முழுவதும் எப்படிக் கழிந்தது என்பதைக் காட்டாது. எனவே யார் சொல்வது சரி என்று வாதிடாமல், எந்த வரியில் வேறுபாடு மிகுதி என்று பார்க்க வேண்டும். அந்த வரியை இருவரும் சேர்ந்து, காலையிலும் இரவிலும் கவனித்து மீண்டும் நிரப்ப வேண்டும்.

அடுத்து நாங்கள் பார்ப்பது, குறைந்த மதிப்பெண்களில் மருந்தால் உயரக்கூடியவை எவை என்பதை. சிறுநீரக நோயில் உடலில் தேங்கும் கழிவுகள் குமட்டலை உண்டாக்கிப் பசியைக் கெடுக்கின்றன. சிறுநீர் மிகுதியாகப் போவதால் நீர்ச்சத்தும் குறைகிறது. ஆகவே வாந்தியைத் தடுக்கும் மருந்தும், தோலுக்கடியில் ஏற்றும் சலைனும் கொடுத்து நான்கு நாள் பார்க்கிறோம். நம் எடுத்துக்காட்டில் பசி 2இலிருந்து 6 ஆகிறது. இருவரும் ஒப்புக்கொண்ட கூட்டுத்தொகை 38 ஆகிறது. இந்நிலையில் கருணைக்கொலை பற்றிய பேச்சுக்கு இடமில்லை.

இரண்டு வாரங்கள் கழித்து, அதே மருத்துவம் தொடர்ந்தும் கூட்டுத்தொகை 24க்கு இறங்குகிறது. பசி 1. முதல்முறை கிடைத்த குறைந்த எண், மருத்துவம் பெறாத நாயின் நிலை. இப்போதைய எண், மருத்துவம் பெற்றும் தேறாத நாயின் நிலை. எண்கள் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தாலும் பொருள் வேறு. இப்போது குடும்பத்தோடு அமர்ந்து முடிவைப் பேசுகிறோம்.

இந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. 35 என்பது இரத்தப் பரிசோதனை போல் அளந்தறிந்த கோடு அன்று. ஒரு மருத்துவரின் பட்டறிவில் எழுந்த வழிகாட்டல். கூட்டுத்தொகை ஏமாற்றவும் கூடும். மூச்சுவிடும் சிரமம் வலி என்னும் முதல் வரியிலேயே சேரும். மற்ற ஆறும் நன்றாயிருந்து மொத்தம் 40 வந்தாலும், வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும் நாயை அந்த எண்ணைக் காட்டிக் காத்திருக்க வைக்கலாகாது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். மாறாக, நடமாட்டத்தில் மட்டும் 2 பெறும் நாய், பிறர் துணையோடு நிறைவாக வாழக்கூடும்.

முடிவு எடுக்கப்பட்டால் நடப்பது இதுதான்: முதலில் அமைதிப்படுத்தும் ஊசி; நாய் உறங்கியபின் மயக்கமருந்து மிகுந்த அளவில் இரத்தக்குழாய் வழியே. நினைவு முதலில் நீங்கும். பிறகு மூச்சும் இதயத்துடிப்பும் நிற்கும். அதன்பின் ஓரிரு முறை மூச்சிழுப்பது போன்ற அசைவு தோன்றலாம், சிறுநீர் கழியலாம், கண்கள் மூடாமலே இருக்கும். இவை வலியின் அடையாளங்கள் அல்ல. உடலில் மருந்து தங்கியிருக்கும் என்பதால், பிற விலங்குகள் தோண்டாத ஆழத்தில் புதைக்க வேண்டும். அருகில் இருக்க விரும்புவோர் இருக்கலாம். விரும்பாதோர் வெளியே காத்திருக்கலாம்.