அடிக்கடி அறுந்துபோகும் கன்ட்ரோலர்

பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரை ஆண்ட்ராய்டு டேப்லெட்டோடு இணைக்க, அது அணைந்திருக்கும்போது ஷேர் பட்டனையும் நடுவிலுள்ள பி.எஸ். பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். விளக்கு இரண்டிரண்டாகப் படபடவெனச் சிமிட்டும்வரை விரலை எடுக்காதீர்கள். டேப்லெட்டின் புளூடூத் பட்டியலில் Wireless Controller என்று வரும், தொட்டால் போதும். மறுபடி பிளேஸ்டேஷனில் விளையாட, யு.எஸ்.பி. கேபிளில் செருகி பி.எஸ். பட்டனை அழுத்த வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் இதற்கு உதவாது.

என் அக்கா மகனின் டேப்லெட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்தது. கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்றே வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். முதலில் முழுதாகச் சார்ஜ் ஏற்றினோம், மாற்றமில்லை. அடுத்து, டேப்லெட்டின் வைஃபையை அணைத்துவிட்டு விளையாடச் சொன்னேன். அரை மணி நேரம் ஒருமுறைகூட அறுபடவில்லை. புளூடூத்தும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மோதிக்கொண்டதுதான் காரணம். ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றியதும் தொல்லை தீர்ந்தது.

வைஃபையை அணைத்தும் அறுந்தால், புளூடூத் பட்டியலிலிருந்து கன்ட்ரோலரை நீக்குங்கள். அதன் பின்புறம் எல்2 பட்டன் அருகே உள்ள சிறு துளையில் ஊசியால் சில விநாடி அழுத்திவிட்டு, புதிதாக இணையுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகே புதுக் கன்ட்ரோலருக்குக் காசு கொடுங்கள்.